இரண்டு பக்கமும் அரை இஞ்ச்

(ஒலிவடிவத்திலிருந்து எழுத்தாக்கப்பட்டது. வாசிப்புக்காகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

போன வாரம் சொன்ன மாதிரி இந்த வாரம் பேட்டி கிடையாது, ஒரு சிறுகதை. கதையைச் சொல்றது ஒரு பொண்ணு. பள்ளிபாளையம், இன்ஜினியரிங் கடைசி வருஷம், எலக்ட்ரானிக்ஸ். அவ குரல்லயே சொல்லிடறேன், அதுதான் சரியா வரும். கேளுங்க.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிளேஸ்மென்ட் குரூப்ல மெசேஜ் வந்துச்சு. செவ்வாய்க்கிழமை காலையில எட்டரைக்கு ஆடிட்டோரியத்துல இருக்கணும். ரெஸ்யூம் மூணு காப்பி, போட்டோ, மார்க் ஷீட் ஜெராக்ஸ். அதுக்குக் கீழ தனியா ஒரு வரி: பெண்கள் ஃபார்மல் சுடிதார், துப்பட்டா ரெண்டு பக்கமும் பின் பண்ணியிருக்கணும். இல்லேன்னா ஃபார்மல் சட்டை, பேன்ட். லெக்கிங்ஸ் கூடாது.

மத்தவங்க எல்லாம் ஆப்டிட்யூட்ல என்ன வரும்னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க. எனக்கு அந்தக் கடைசி வரியிலயே கண்ணு நின்னுபோச்சு.

என்கிட்ட துணி இல்லாம இல்லை. காலேஜுக்குன்னு அஞ்சு சுடிதார் இருக்கு. அஞ்சும் ஒரே மாதிரி. சாம்பல், மங்கின பச்சை, காப்பிக்கொட்டைக் கலர். எல்லாம் என் அளவுக்கு ரெண்டு சைஸ் பெருசு. மூணு வருஷமா கிளாஸ்ல மூணாவது பெஞ்சுல சுவர் ஓரமா உட்காருறவ நான். ஸ்டாஃப் யாராவது கேள்வி கேட்டா அவங்க கண்ணு என்னைத் தாண்டிப் போகணும். அதுக்கு ஏத்த துணிதான் எப்பவும் எடுப்பேன். இப்ப ஒருத்தர் ஒரு மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என்னை மட்டும் பார்க்கப் போறார். அதுக்கு என்ன போடுறது?

ஹாஸ்டல்ல இருக்கிற நித்யா அவளோட வெள்ளைச் சட்டையும் கறுப்பு பேன்ட்டும் குடுத்தா. "இதுதான்டி கரெக்டு. இதைப் போட்டா தைரியம் தானா வரும்"னா. வீட்டுல கதவைச் சாத்திக்கிட்டுப் போட்டுப் பார்த்தேன். நிக்கிறப்போ நல்லாத்தான் இருந்துச்சு. சேர்ல உட்கார்ந்து, ஃபைலை நீட்டுற மாதிரி கையை முன்னாடி கொண்டு போனேன். ரெண்டாவது பட்டனுக்கும் மூணாவது பட்டனுக்கும் நடுவுல சட்டை வாயைத் திறந்துச்சு. உள்பக்கமா ஒரு சேஃப்டி பின் குத்திப் பார்த்தேன். இப்ப பின் குத்தின இடம் இழுத்துக்கிட்டுச் சுருங்குச்சு. உள்ள போட்டிருந்த வெள்ளை ஷிம்மியும் கோடு கோடாத் தெரிஞ்சுது. வெள்ளைக்கு உள்ள வெள்ளை போடக்கூடாது, தோல் கலர்தான் தெரியாதுன்னு நித்யா அப்புறம் சொன்னா. எனக்கு அதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?

அப்ப சாம்பல் சுடிதார்தான்னு முடிவு பண்ணிட்டேன். நிம்மதியா இருந்துச்சு. அந்த நிம்மதியை அம்மா கெடுத்தாங்க.

அம்மா வீட்டுல தையல் மிஷின் வெச்சு அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட்டும் சுடிதாரும் தைக்கிறவங்க. சனிக்கிழமை ராத்திரி சாம்பல் டாப்பை எடுத்துப் பார்த்துட்டு, "இது வேண்டாங்கண்ணு"ன்னாங்க.

"ஏம்மா? நல்லாத்தான இருக்கு?"

"உனக்குப் பயம் வந்தா என்ன ஆவும்?"

நான் பதில் சொல்லலை. அவங்களுக்கே தெரியும். ஸ்கூல்ல பேச்சுப்போட்டிக்குப் பேரு குடுத்துட்டு மேடை ஏறாம திரும்பி வந்தப்போ, யூனிஃபார்ம் கைக்கு அடியில ரெண்டு பக்கமும் இடுப்பு வரைக்கும் நனைஞ்சிருந்துச்சு. அதைத் துவைச்சதே அவங்கதான்.

அம்மா ஒரு சொம்பு தண்ணி கொண்டுவந்தாங்க. சாம்பல் டாப், நித்யாவோட வெள்ளைச் சட்டை, அப்புறம் ஈரோடு சந்தையில பொங்கலுக்கு எடுத்துத் தெச்சு நான் ஒரு தடவைகூடப் போடாத கருநீலக் காட்டன் டாப். மூணையும் கட்டில்ல விரிச்சாங்க. விரலை நனைச்சு மூணுலயும் கைக்கு அடியில ஒவ்வொரு சொட்டு வெச்சாங்க.

சாம்பல்ல அந்தச் சொட்டு எட்டணா அளவுக்குப் பரவி மைக்கறை மாதிரி நின்னுச்சு. வெள்ளையில கறை தெரியலை, ஆனா நனைஞ்ச இடம் கண்ணாடி ஆயிடுச்சு, அடியில இருந்த போர்வையோட பூ தெரிஞ்சுது. கருநீலத்துல எங்க வெச்சோம்னு தேட வேண்டியிருந்துச்சு.

"பாத்தியா? ரொம்ப வெளுத்ததும் பரவாயில்ல, ரொம்ப இருட்டும் பரவாயில்ல. நடுவுல இருக்கிற கலர்தான் காட்டிக்குடுக்கும்"னாங்க.

மறைஞ்சுக்கறதுக்குன்னு நான் தேடித் தேடி எடுத்த கலர்தான் அது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துச்சு.

கருநீலத்துக்கு வேற ஒரு வம்பு இருந்துச்சு. துப்பட்டா சந்தனக் கலர் மல் துணி. கருநீலம் புதுசு. வேர்வையோட உரசுனா தோள்ல நீலம் ஏறிடும். அம்மா ஈரக் கைக்குட்டையைத் தையல் மடிப்புல வெச்சு அழுத்தித் தேச்சாங்க. லேசா நீலம். ஞாயித்துக்கிழமை காலையில சோப்புத் தண்ணியில ஊற வெச்சு அலசி, மறுபடி தேச்சு, மறுபடி அலசி, மூணாவது தண்ணியிலதான் கைக்குட்டை சுத்தமா வந்துச்சு.

அதோட விட்டிருக்கலாம். போட்டுக் காட்டச் சொன்னாங்க. தோள் தையல் தோள்ல இல்ல, கையில ரெண்டு விரக்கடை கீழ இறங்கிக் கிடந்துச்சு. எனக்குப் பெருசா வேணும்னு நான்தான் அடம் பிடிச்சுத் தைக்கச் சொல்லியிருந்தேன்.

"யார் வூட்டுத் துணியோ போட்டுட்டு வந்த மாதிரி இருக்குது. தோளை ஏத்தி, பக்கத்துல பிடிச்சுத் தர்றேன்."

"வேண்டாம்மா."

"அரை இஞ்ச் தான்."

"வேண்டாம்னு சொல்றேன்ல!"

வீட்டுல நான் அவ்வளவு சத்தமாப் பேசினதே இல்லை. பக்கத்து ரூம்ல தறிக்குக் கிளம்பிக்கிட்டு இருந்த அப்பா எட்டிப் பார்த்துட்டு, ஒண்ணும் கேக்காமப் போயிட்டார். கல்விக்கடன் பாஸ்புக் அந்த ரூம் அலமாரியிலதான் இருக்கு. அதைப் பத்தி அந்த வாரம் முழுக்க யாரும் பேசலை. பேசியிருந்தாத் தேவலைன்னு இருந்துச்சு.

ராத்திரி பதினொரு மணிக்கு மேல மிஷின் சத்தம் கேட்டுச்சு. எழுந்து போய்த் தடுக்கலாம். படுத்தே இருந்தேன்.

காலையில டாப் கஞ்சி போட்டு, தேச்சு, ஹேங்கர்ல தொங்குச்சு. உள்பக்கம் திருப்பிக் காட்டினாங்க. பழைய தையலைப் பிரிக்காம அதுக்கு உள்ள புதுசா ஒரு தையல், ரெண்டு பக்கமும். "மிச்சத் துணியை வெட்டலை. பெரிய தையலாத்தான் போட்டிருக்கேன். உனக்குப் புடிக்கலேன்னா பஸ்ஸுல உக்காந்துக்கிட்டே நூலை இழுத்துடலாம்."

செவ்வாய்க்கிழமை காலேஜ் பஸ்ஸுல ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அந்த நூல் முனையை ரெண்டு தடவை தொட்டுப் பார்த்தேன். இழுக்கலை. ஏன்னு கேட்டா, காட்டன் துணியில தையல் பிரிச்ச ஓட்டை வரிசையாத் தெரியும்கிற பயம்தான். வேற பெரிய காரணம் எதுவும் இல்லை.

அன்னைக்கு நடந்ததைச் சுருக்கமாச் சொல்றேன். காலையில கம்பெனியைப் பத்தி ஒரு மணி நேரம் பேசுனாங்க. பத்தரைக்கு லேப்ல ஆன்லைன் டெஸ்ட். ஏசியில பல்லு கிட்டிச்சு. மத்தியானம் லிஸ்ட் ஒட்டுனாங்க, பாதிக்கு மேல ஆளு வீட்டுக்குப் போயாச்சு. என் நம்பர் இருந்துச்சு. நித்யா நம்பர் இல்லை. அவ வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கிட்டு எனக்குத் தண்ணி பாட்டில் வாங்கிட்டு வந்து குடுத்துட்டுப் போனா.

டெக்னிக்கல் ரவுண்டுக்கு என் பேரைக் கூப்பிட்டப்போ சாயங்காலம் ஆறே முக்கால். அதுக்குள்ள கஞ்சி எல்லாம் செத்துப்போய் மடியில பத்துச் சுருக்கம். நாலு நாளா எதை நெனைச்சுத் தூங்காம இருந்தேனோ அது மத்தியானத்தோட முடிஞ்சுபோயிருந்துச்சு. உள்ள இருந்தவரும் சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மடிச்சு விட்டிருந்தார். டையைக் கழட்டி லேப்டாப் பை மேல போட்டிருந்தார்.

முதல் ரெண்டு கேள்விக்கு என் பதில் எனக்கே கேக்கலை. "கொஞ்சம் சத்தமா"ன்னார். கைக்கு அடியில நனையிறது தெரிஞ்சுது. அப்ப எனக்கு ஞாபகம் வந்தது அந்தக் கருநீலச் சொட்டு. தேடினாலும் தெரியாது. கையை இடுக்கிக்கிட்டே உட்கார்ந்திருந்தவ, கொஞ்சம் விட்டேன்.

ப்ராஜெக்ட் கேட்டார். விசைத்தறியில பாவு நூல் அறுந்தா தறியை நிறுத்துறது. ஒவ்வொரு நூல்லயும் ஓட்டை போட்ட மெல்லிசான ஒரு தகடு தொங்கும். நூல் விறைப்பா இருக்கிற வரைக்கும் அது மேலயே இருக்கும். நூல் அறுந்தா தகடு கீழ விழுந்து கம்பியைத் தொடும், கரன்ட் பாயும், மோட்டார் நிக்கும். பெரிய மில் தறியில இதெல்லாம் எப்பவோ இருக்கு. எங்க அப்பா ஓட்டுற மாதிரி பழைய தறிக்குக் குறைஞ்ச செலவுல பண்ணிப் பார்த்தோம்.

"பாவுன்னா?"ன்னார்.

இங்கிலீஷ்ல வார்ப்னு சொன்னேன். அவருக்கு அதுவும் புரியலை. கையால காத்துல கோடு போட்டுக் காட்டினேன். புரியலை. மடியில துப்பட்டா முனை கிடந்துச்சு. முனையில தொங்குற குஞ்சம் இருக்கே, அதுதான் பாவு நூல், துணியோட நீளத்துக்கு ஓடி மிச்சமா வெளிய வர்றது. எடுத்துக் காட்டலாம்னா மேஜை வரைக்கும் எட்டலை, தோள்ல ரெண்டு பக்கமும் பின். சர்க்குலர் ஞாபகம் வந்துச்சு. இடது பக்கப் பின்னைக் கழட்டி மேஜை மேல வெச்சேன்.

துணியை விரிச்சு, "இது பாவு, குறுக்கே ஓடுறது ஊடை, இதுல ஒண்ணு அறுந்தா..."ன்னு ஒரு நூலை உருவி எடுத்தேன். உருவின இடத்துல துணியில நீளமா ஒரு கோடு விழுந்துச்சு. "இந்தக் கோடு மீட்டர் கணக்குல ஓடினதுக்கு அப்புறம்தான் எங்கப்பா பார்ப்பார். அந்தத் துணிக்குக் கூலி பிடிச்சுக்குவாங்க." அவர் முன்னாடி சாய்ஞ்சு அந்தக் கோட்டை விரலால தடவிப் பார்த்தார். அப்புறம் தகடு துருப்பிடிச்சா, பஞ்சுத் தூசி அடைச்சா என்ன ஆகும்னு கேட்டார். தூசிதான் எங்களுக்கும் பெரிய தொல்லை. அதை எப்படிச் சமாளிச்சோம், எங்க தோத்தோம்னு சொன்னேன். எவ்வளவு நேரம் பேசினேன்னு தெரியலை. வெளிய வந்தப்போ நித்யா, "ஏய், உன் பின்னு எங்கடி?"ன்னா. மேஜை மேலயே விட்டுட்டு வந்திருந்தேன்.

பஸ் போயிடுச்சு. அப்பா டிவிஎஸ் ஃபிஃப்டியில வந்து கூட்டிட்டுப் போனார். வழியெல்லாம் ஒண்ணும் கேக்கலை, காவிரிப் பாலத்து மேல மட்டும், "சாப்புட்டியா அம்மிணி?"ன்னார். ஒன்பதரைக்கு மெசேஜ் வந்துச்சு. பதினொரு பேர். காலையில ஒன்பது மணிக்கு ஹெச்ஆர் ரவுண்டு. ஃபார்மல்ஸ் கட்டாயம்.

அம்மா என்னை மேலயும் கீழயும் பார்த்தாங்க. "நாளைக்கு என்ன போட்டுக்கப் போற?"

"இதேதான்."

"முழுசா நனைச்சாக் காயாதே." யோசிச்சுட்டு, டாப்பைத் திருப்பிக் கைக்கு அடியில மட்டும் சோப்புப் போட்டு அலசி, துண்டுக்குள்ள சுருட்டிப் பிழிஞ்சு, ஃபேனுக்கு அடியில விரிச்சாங்க. பக்கத் தையலை விரலால நீவிக்கிட்டே, "இதைப் பிரிச்சுடட்டுமா?"ன்னாங்க.

"இருக்கட்டும்மா. ஒரு சேஃப்டி பின் மட்டும் குடு."