வாட்ச் தரும் ஈசிஜி பட்டையைப் படிப்பது எப்படி?

நம் குடியிருப்பில் இப்போது பலர் கையில் ஈசிஜி எடுக்கும் வாட்ச் இருக்கிறது. அந்தப் பட்டையை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இது நார்மலா?" என்று என்னிடம் கேட்கிறீர்கள். முதல் பார்வையை நீங்களே பார்த்துவிடலாம். ஒரு துண்டுக் காகிதமும் பேனாவும் போதும்.

முதலில் கட்டங்கள். பட்டையின் ஓரத்தில் 25 mm/s என்று இருந்தால், ஒரு பெரிய கட்டம் 0.2 நொடி. 30 பெரிய கட்டங்கள் 6 நொடி. அதற்குள் உள்ள கூர்முனைகளை எண்ணிப் பத்தால் பெருக்கினால், நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று தெரியும்.

ஒவ்வொரு கூர்முனைக்கும் சற்று முன்னால் ஒரு சிறு மேடு இருக்கிறதா பாருங்கள். அதுதான் பி அலை, இதயத்தின் மேலறைகளில் மின்தூண்டல் பரவும் அடையாளம். எல்லாக் கூர்முனைக்கும் முன்னால் அது இருந்து, இடைவெளியும் சீராக, எண்ணிக்கை 60 முதல் 100 வரை இருந்தால் சைனஸ் ரிதம், அதாவது இயல்பான துடிப்பு. மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் நெருங்கினால் பயப்படாதீர்கள். இளைஞர்களிடம் அது சகஜம்.

இனி ஒரு பட்டையை எடுத்துக்கொள்வோம். 6 நொடியில் 11 கூர்முனைகள், அதாவது 110. காகிதத்தின் ஓரத்தைப் பட்டைமேல் வைத்து, அடுத்தடுத்த இரண்டு முனைகளுக்கு நேராகக் கோடு போடுங்கள். காகிதத்தை அடுத்த ஜோடிக்கு நகர்த்துங்கள். கோடு பொருந்தவில்லை. இடைவெளி முதலில் 2 பெரிய கட்டம், பிறகு மூன்றரை, பிறகு இரண்டரை, பிறகு 4. எந்த ஒழுங்கும் இல்லை. பி அலையும் இல்லை, அடிக்கோடு மட்டும் நடுங்குகிறது. இது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்க வாய்ப்பு அதிகம். மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டி உருவாகி, மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். அதனால் உடம்புக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் பட்டையைச் சேமித்து, ஓரிரு நாளில் மருத்துவரைப் பாருங்கள். அவர் 12 லீட் ஈசிஜி எடுத்து உறுதி செய்வார்.

வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா வேறு மாதிரி. கூர்முனைகள் அகன்று, மூன்று சிறு கட்டத்துக்கும் மேல் விரிந்து, மலைத்தொடர் போல வேகமாகவும் பெரும்பாலும் சீராகவும் வரும். வேகம் 100-க்கு மேல், பல சமயம் 150-ஐயும் தாண்டும். கை நடுங்கினாலும் பட்டை இப்படித் தோன்றலாம். உற்றுப் பார்த்தால், நடுக்கத்தின் ஊடே வழக்கமான மெல்லிய முனைகள் சீரான இடைவெளியில் தெரியும். சந்தேகம் தீராவிட்டால் வி.டி. என்றே வைத்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். வி.டி.யில் இருப்பவர் நன்றாகப் பேசிக்கொண்டும் இருக்கலாம், அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். விழுந்து, கூப்பிட்டும் அசையாமல், மூச்சும் சரியாக இல்லையென்றால் பட்டையை விட்டுவிடுங்கள். 108-ஐ அழைத்துவிட்டு, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள்.

இன்னொன்று. மாரடைப்பு இருக்கிறதா என்று இந்த வாட்ச் சொல்லாது. நெஞ்சு வலிக்கும்போது பட்டை நார்மலாக வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.