ஏழு பேப்பர், மூன்று நாள், ஒரு தாள்



இன்று பட்டம் பெறும் உங்களில் சிலர் இன்னும் சில வாரங்களில் ஏதோ ஒரு லேபில் இன்டர்னாகச் சேரப்போகிறீர்கள் என்று துறைத் தலைவர் சொன்னார். நான் பேசப்போவது உங்களுடன்தான். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சேருவதற்கு முந்தைய வியாழக்கிழமை மாலை உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வரும். "திங்கள் காலை 11 மணிக்குச் சந்திப்போம். இணைப்பில் உள்ளவற்றைப் படித்துவிட்டு வரவும்." இரண்டே வரி. இணைப்பில் ஏழெட்டு பிடிஎஃப்.

2013 கோடையில் எனக்கு வந்ததில் ஏழு இருந்தன. பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலம் பற்றியவை. அந்தச் சொல்லையே நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். ஜெராக்ஸ் கடைக்குப் போய் எல்லாவற்றையும் அச்செடுத்தேன். முதல் பேப்பரின் முதல் சொல்லில் தொடங்கி வரிசையாகப் படித்தேன், மஞ்சள் ஹைலைட்டரோடு. ஞாயிறு இரவு பார்த்தால் கோடு போடாத வரிகள்தான் குறைவாக இருந்தன.

திங்கள் காலை கைடு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்த அலுமினா செல்லில் எலக்ட்ரானை எது சுமக்கிறது?"

"செயல்திறன் 10.9 சதவீதம் சார்" என்றேன். அவர் கேள்வியைத் திரும்பக் கேட்டார். நான் வருடத்தைச் சொன்னேன். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்து, "புதன்கிழமை வாப்பா" என்று அனுப்பிவிட்டார். அந்த டீயின் சூடு இன்னும் நினைவிருக்கிறது.

அன்று மாலை லேபில் இருந்த சீனியர் அக்கா என் மஞ்சள் காகிதங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, முதலில் அவற்றை ஆண்டு வரிசையில் அடுக்கச் சொன்னார். பிறகு ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்தில் உள்ள மேற்கோள் பட்டியலை மட்டும் பார்க்கச் சொன்னார். மற்றவை எல்லாம் திரும்பத் திரும்பச் சுட்டிய பேப்பர் ஒன்று இருந்தது. ஜப்பானின் கோஜிமாவும் மியாசகாவும் குழுவினரும் 2009-இல் எழுதியது. மொத்தம் இரண்டே பக்கம். நானோ அதை ஐந்தாவதாக, தூக்கக் கலக்கத்தில் படித்திருந்தேன்.

கணினித் துறையில் கேஷவ் என்பவர் 2007-இல் எழுதிய ஒரு சிறு கட்டுரை உண்டு, பேப்பர் படிப்பது எப்படி என்பதைப் பற்றியே. முதல் சுற்றுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் போதும் என்கிறார். தலைப்பு, சுருக்கம், உள்தலைப்புகள், முடிவுரை, மேற்கோள் பட்டியலில் ஒரு கண். இரண்டாம் சுற்றுக்கு ஒரு மணி நேரம். மூன்றாவது சுற்று புதியவருக்கு நான்கைந்து மணி நேரம்கூட ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழு பேப்பருக்கும் முதல் சுற்று சேர்த்து அதிகபட்சம் எழுபது நிமிடம். நான் மூன்று நாளும் செய்தது எல்லாவற்றுக்கும் அரைகுறையான மூன்றாம் சுற்று. முதல் சுற்றை எந்தப் பேப்பருக்கும் செய்யவில்லை.

இனி அந்தப் பேப்பர்களையே எடுத்துக்கொள்வோம். வேதியியல் படிக்காதவர்களும் பின்தொடரலாம், கூட்டல் பெருக்கல் போதும்.

2009 பேப்பரின் தலைப்பிலேயே முக்கியமான சொல் இருக்கிறது. பெரோவ்ஸ்கைட்டை அவர்கள் "சென்சிடைசர்" என்கிறார்கள். அப்போது சாய மின்கலம் என்று ஒரு வகை இருந்தது. டைட்டானியம் டை ஆக்சைடுத் துகள்களாலான நுண்துளைப் படலத்தின் மேல் ஒரு சாயம் ஒட்டியிருக்கும், சுற்றிலும் ஒரு திரவம். சாயம் ஒளியை வாங்கி எலக்ட்ரானை டைட்டானியாவிடம் கொடுத்துவிடும். அதன்பின் சுமப்பது டைட்டானியாவின் வேலை. அந்தச் சாயத்தின் இடத்தில் CH3NH3PbI3 என்ற படிகத்தை வைத்தார்கள், அவ்வளவுதான். தலைப்பில் உள்ள அந்த ஒரு சொல்லைக் கவனித்தாலே எலக்ட்ரானை யார் சுமப்பதாக அவர்கள் நினைத்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

அடுத்து அட்டவணை. சூரிய மின்கலப் பேப்பரில் மூன்று எண்களைத் தேடுங்கள்: ஒரு சதுர செ.மீ.க்கு எத்தனை மில்லி ஆம்பியர், எத்தனை வோல்ட், ஃபில் ஃபேக்டர் எவ்வளவு. கோஜிமாவின் அயோடைடு செல்லுக்கு 11.0, 0.61, 0.57. மூன்றையும் பெருக்கினால் 3.82. பேப்பரில் போட்டிருக்கும் செயல்திறன் 3.81 சதவீதம். சோதனை விளக்கு சதுர செ.மீ.க்கு 100 மில்லி வாட் தருகிறது, அதனால் பெருக்கல் பலனே சதவீதமாகவும் ஆகிவிடுகிறது. கடைசி இலக்க வித்தியாசம் எண்களை முழுமையாக்கியதால் வருவது. அதைவிடப் பெரிய வித்தியாசம் இருந்தால் நின்று பாருங்கள். அச்சுப் பிழையாக இருக்கலாம், விளக்கின் ஒளி 100 இல்லாமல் இருக்கலாம், அல்லது ஒரு செல்லின் மின்னோட்டத்தையும் வேறொரு செல்லின் வோல்ட்டையும் ஒரே வரியில் போட்டிருக்கலாம். இதற்குக் கால்குலேட்டரில் அரை நிமிடம் போதும். என் மஞ்சள் கோடுகளில் ஒன்றுகூட இதைக் காட்டித் தரவில்லை.

2012-இல் தென்கொரியாவில் நாம்-ஜியு பார்க்கின் குழு எழுதிய பேப்பரில் அதே மூன்று எண்கள் 17.6, 888, 0.62. நடுவில் உள்ளது மில்லி வோல்ட். அதைக் கவனிக்காமல் பெருக்கி ஒன்பதாயிரத்துச் சொச்சம் சதவீதம் வாங்கியவர்களில் நானும் ஒருவன். 0.888 என்று மாற்றினால் 9.7 வருகிறது, பேப்பரும் அதையே சொல்கிறது. இரண்டு பேப்பரையும் அக்கம்பக்கத்தில் வையுங்கள். மின்னோட்டம் 1.6 மடங்கு, வோல்ட் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, ஃபில் ஃபேக்டர் கொஞ்சம்தான் உயர்ந்திருக்கிறது. 3.81-இலிருந்து 9.7-க்கு எப்படிப் போனார்கள் என்பது இப்போது பிடிபடுகிறது. என்ன மாற்றினார்கள்? திரவத்தை எடுத்துவிட்டு ஸ்பைரோ-மியோடாட் என்ற திடப்பொருளை வைத்தார்கள். பழைய திரவம் பெரோவ்ஸ்கைட்டையே கரைத்துக்கொண்டிருந்தது. ஆனால் முன்னேற்றம் முழுவதும் இந்த ஒரு மாற்றத்தால்தான் என்று எழுதிவிடாதீர்கள். லேபும் வேறு, படலமும் வேறு.

அதே பேப்பரின் சுருக்கத்தில் 500 மணி நேரத்துக்கு மேல் நிலைத்திருந்தது என்று ஒரு வரி வருகிறது. முதல் வாசிப்பில் நான் அதை "500 மணி நேரம் வெயிலில் வேலை செய்தது" என்று குறித்துக்கொண்டேன். வரியை மெதுவாகப் படித்தால், அறை வெப்பநிலையில் காற்றில் சேமித்து வைத்த செல்கள் என்று இருக்கிறது. அவற்றை அவ்வப்போது எடுத்து அளந்திருக்கிறார்கள். சேமித்து வைத்த 500 மணியும் ஓடிக்கொண்டிருந்த 500 மணியும் ஒன்றல்ல. வேகமாகப் படிப்பவர் தடுக்கி விழுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு வினைச்சொல்லில்தான். எண் கண்ணில் பட்டுவிடும், அந்த நேரம் முழுக்க செல் என்ன செய்துகொண்டிருந்தது என்பது படாது.

மூன்றாவது, அதே 2012-இல் ஆக்ஸ்ஃபோர்டில் லீ, ஸ்னெய்த் குழுவினர் எழுதியது. இதைப் படிக்கும் முன் அக்கா ஒரு வேலை சொன்னார். ஒவ்வொரு பேப்பருக்கும் அடுக்குகளைப் படமாக வரைந்து, முந்தையதிலிருந்து எது மாறியதோ அதை மட்டும் சிவப்பில் எழுத வேண்டும். 2009: சாயம் போய் பெரோவ்ஸ்கைட். கொரியா: திரவம் போய் திடப்பொருள். ஆக்ஸ்ஃபோர்டு: நுண்துளைப் படலத்தில் டைட்டானியா போய் அலுமினா.

சிவப்பில் அலுமினா என்று எழுதியபோதுதான் எனக்கு உறைத்தது. அலுமினா மின்கடத்தாப் பொருள். பெரோவ்ஸ்கைட்டிலிருந்து எலக்ட்ரான் அதற்குள் ஏறவே முடியாது, ஆற்றல் மட்டம் அவ்வளவு உயரத்தில் இருக்கிறது. சுமை தூக்குபவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டு வெறும் சுவரை நிறுத்திய மாதிரி. மின்னோட்டம் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. செயல்திறன் 10.9 சதவீதம் வரை போயிற்று, வேறு சில செல்களில் வோல்ட் 1.1-க்கும் மேல். அப்படியானால் எலக்ட்ரானைச் சுமந்தது பெரோவ்ஸ்கைட்டேதான், அலுமினா அதற்கு வெறும் சாரம். மூன்று ஆண்டுக்கு முன் தலைப்பில் போட்ட "சென்சிடைசர்" என்ற சொல் இந்த செல்லுக்குப் பொருந்தாமல் போயிற்று. கைடு கேட்ட கேள்வியின் பதில் இது. சொல்லப்போனால் அந்த ஏழு பேப்பரையும் ஒன்றாக அனுப்பியதற்கே காரணம் இதுதான். தனித்தனியாகப் படித்தபோது எனக்கு அது தெரியவே இல்லை.

முன்னுரைகளைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். உலகின் ஆற்றல் தேவை பெருகுகிறது என்று தொடங்கும் முதல் பத்தி ஏழிலும் இருந்தது. ஏழையும் வண்ணம் தீட்டியிருந்தேன். விட்டுவிடலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. முன்னுரையின் கடைசிப் பத்தியை மட்டும் விடாதீர்கள், "இந்தப் பேப்பரில் நாங்கள்" என்பது அங்கேதான் வரும்.

செய்முறைப் பகுதியையும் முதல் சுற்றில் தாண்டலாம். ஆனால் சந்திப்புக்கு எடுத்துப்போக ஒரு வரைபடத்தைத் தேர்ந்த பிறகு, அந்த வரைபடம் எப்படி அளக்கப்பட்டது என்பதை மட்டும் தேடிப் போய்ப் படிக்க வேண்டும். பல நேரம் அது பேப்பரில் இருக்காது. தனியாகத் தரவிறக்க வேண்டிய துணைத் தகவல் கோப்பில் இருக்கும். எத்தனை செல் செய்தார்கள், அட்டவணையில் உள்ளது சராசரியா அல்லது இருந்ததிலேயே சிறந்த ஒன்றா என்பதும் அங்கேதான் கிடைக்கும்.

புதன்கிழமை ஒரே ஒரு ஏ4 தாளோடு போனேன். மேலே மூன்று அடுக்குப் படங்கள், நடுவே மூன்று பெருக்கல்கள், கீழே ஒரு கேள்வி: அலுமினாவும் வேண்டாம் என்று எடுத்துவிட்டால் என்ன ஆகும்? கைடு தாளை இரண்டு நிமிடம் பார்த்தார். அலுமினாவில் விரலை வைத்துத் தலையாட்டினார். பிறகு ஒரு பெருக்கலைக் காட்டி, "இதை எந்தப் பக்கத்திலிருந்து அளந்தார்கள்?" என்றார்.

எனக்குக் கேள்வியே புரியவில்லை, அவர்தான் விளக்கினார். செல்லை அளக்கும்போது வோல்டேஜைப் பூஜ்யத்திலிருந்து மேலே ஏற்றிக்கொண்டே போகலாம், மேலிருந்து பூஜ்யத்துக்கு இறக்கிக்கொண்டும் வரலாம். ஒழுங்கான சிலிக்கான் செல்லில் இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று விழும். பெரோவ்ஸ்கைட்டில் விழாமல் போகிறது என்பதை ஸ்னெய்த் குழுவினரே மறு ஆண்டு, 2014-இல் தனிப் பேப்பராக எழுதினார்கள். ஒரே செல், இரண்டு திசை, இரண்டு செயல்திறன். என் பெருக்கல் இதைக் காட்டாது. எந்தத் திசையில் அளந்தாலும் அந்தந்தத் திசையின் மூன்று எண்களும் தமக்குள் சரியாகவே பெருகும். அட்டவணை தனக்குத்தானே முரண்படவில்லை என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி.

பேப்பரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தெரியலை சார், இந்தப் பேப்பரில் தேடினேன், கிடைக்கலை" என்றேன். இந்த முறை அவர் டீ சொல்லவில்லை. எழுந்து என்னை லேபுக்குக் கூட்டிப்போய், அக்கா முந்தைய வாரம் செய்துவைத்திருந்த ஒரு செல்லை விளக்கின் கீழ் வைத்தார். ஏற்றி ஒருமுறை, இறக்கி ஒருமுறை அளந்தேன். திரையில் இரண்டு கோடுகள் விலகி நின்றன. மெஷினில் ஏதோ தப்பு என்று நினைத்து கிளிப்பைக் கழற்றி மாட்டி மறுபடி அளந்தேன். அப்போதும் விலகியே நின்றன. கைடு என் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை நீட்டினார், இரண்டையும் எழுதிக்கொள்ளச் சொல்லி.