போலீஸ் கதவைத் தட்டுவதற்கு முன்: முன்ஜாமீன் பற்றி ஒரு பேச்சு

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், உறுப்பினரான வழக்கறிஞர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் ஏலக்காய் வியாபாரம் செய்பவர்கள் இருக்கிறீர்கள், கம்பத்தில் திராட்சை மண்டி வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். தொழில் என்றால் போட்டி இருக்கும். அந்தப் போட்டி சில நேரம் கடையை விட்டுக் காவல் நிலையத்துக்குப் போய்விடுகிறது. "சார், எதிர்த்தரப்பு என் மேல பொய் கம்ப்ளெயிண்ட் குடுத்திருக்கானாம். இப்பவே முன்ஜாமீன் எடுத்துடலாமா?" என்று லிஃப்டில் வைத்துக்கூட என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கான பதில்தான் இன்றைய பேச்சு.

முதலில், முன்ஜாமீன் என்றால் என்ன? நீங்கள் கைது செய்யப்பட்டால் உங்களை உடனே ஜாமீனில் விட வேண்டும் என்று நீதிமன்றம் முன்கூட்டியே போடும் உத்தரவு அது. வழக்கு அதனால் முடிந்துவிடாது. விசாரணை நடக்கும், நீங்கள் போய்ப் பதில் சொல்ல வேண்டும். சிறைக்குப் போகாமல் வெளியில் இருந்தபடி பதில் சொல்கிறீர்கள், அவ்வளவுதான். பழைய சட்டத்தில் இது 438-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 482-ஆவது பிரிவு. மாவட்ட அமர்வு நீதிமன்றத்திலும் கேட்கலாம், உயர் நீதிமன்றத்திலும் கேட்கலாம். நமக்குத் தேனியில் அமர்வு நீதிமன்றம். உயர் நீதிமன்றம் என்றால் மதுரைக் கிளை.

இந்தப் பிரிவுக்கு அடித்தளமான தீர்ப்பு 1980-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. பஞ்சாபில் அமைச்சராக இருந்த குர்பக்ஷ் சிங் சிப்பியா தொடுத்த வழக்கு. நமக்குத் தேவையான மூன்று விஷயங்கள் அதில் இருக்கின்றன. எஃப்.ஐ.ஆர். போடுவதற்கு முன்பே முன்ஜாமீன் கேட்கலாம். ஆனால் வெறும் பயம் போதாது. கைது நடக்கும் என்று நம்புவதற்குக் காரணம் இருக்க வேண்டும், அதை நீதிபதி சோதித்துப் பார்க்கிற அளவுக்குக் காட்ட வேண்டும். மூன்றாவது: நீதியை நாடுவது நோக்கமில்லாமல், ஒருவரைக் கைது செய்யவைத்து அவமானப்படுத்துவதற்காகவே குற்றச்சாட்டு எழுந்திருக்கிறது என்று தெரிந்தால், முன்ஜாமீன் பொதுவாகத் தரப்படும். தொழில் எதிரியின் பொய்ப் புகாரில் நம் கையில் இருக்கும் பிடி இந்த மூன்றாவது விஷயம்தான். அதைக் காகிதத்தில் காட்டுவது எப்படி?

ஒரு கற்பனை உதாரணம் எடுத்துக்கொள்வோம். போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரி. இன்னொரு வியாபாரியிடம் 600 கிலோ காய், கிலோ 2,500 ரூபாய் என்று 15 லட்சத்துக்குக் கடனில் வாங்குகிறார். 10 லட்சத்தை வங்கி மூலம் அனுப்பிவிட்டார். 200 கிலோ தரம் குறைவு என்று அன்றே வாட்ஸ்அப்பில் படத்தோடு எழுதி, அதற்கான 5 லட்சத்தை நிறுத்திவைத்தார். இரண்டு மாதம் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு, விற்றவர் வழக்கமாகச் சரக்கு அனுப்பிவந்த வடநாட்டுப் பார்ட்டி இவர் பக்கம் வந்துவிடுகிறது. அடுத்த வாரமே போலீசில் புகார்: "15 லட்சம் ஏமாற்றிவிட்டார், நம்பிக்கை மோசடி செய்துவிட்டார்."

இவர் முதலில் செய்ய வேண்டியது, புகார் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது. நம் மாநிலத்தில் புகார் வாங்கியதும் சி.எஸ்.ஆர். எண் போட்டு ரசீது கொடுப்பார்கள். அது எஃப்.ஐ.ஆர். அல்ல. தொழில் தகராறுகளில் எஃப்.ஐ.ஆருக்கு முன் ஆரம்ப விசாரணை நடத்தலாம் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் உங்களை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள் என்பதாலேயே கைது வரும் என்று ஆகாது. எஃப்.ஐ.ஆர். பதிவாகிவிட்டதா என்பதைத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். சில வகை வழக்குகளை மட்டும் அதில் போட மாட்டார்கள்.

அடுத்து, என்ன பிரிவு என்று பாருங்கள். மோசடி என்பது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318(4), அதிகபட்சம் ஏழு ஆண்டு. ஏழு ஆண்டு வரையான குற்றங்களுக்கு எடுத்தவுடன் கைது செய்யக்கூடாது, நோட்டீஸ் கொடுத்து வரவழைக்க வேண்டும் என்று 2014-இல் அர்னேஷ் குமார் தீர்ப்பு வந்தது. அந்த நோட்டீஸ் இன்று 35(3) நோட்டீஸ். அது உங்களுக்கு வந்தால், சொன்ன தேதியில் போய்விடுங்கள். போகிறவரைக் கைது செய்ய வேண்டுமானால் போலீஸ் அதற்கான காரணத்தை எழுதிவைக்க வேண்டும். போகாமல் இருந்தால் அந்தக் காரணத்தை நீங்களே அவர்கள் கையில் கொடுக்கிறீர்கள்.

ஆனால் எதிர்த்தரப்புக்கும் வக்கீல் உண்டு. புகாரில் உங்களை "கமிஷன் ஏஜெண்ட்" என்று எழுதினால் 316(5) வரும். வியாபாரி, தரகர், ஏஜெண்ட் செய்யும் நம்பிக்கை மோசடி அது, ஆயுள் தண்டனை வரை போகும். பில்லைத் திருத்தியதாக எழுதினால் போலி ஆவணப் பிரிவுகள் வரும். இப்படி ஏழு ஆண்டைத் தாண்டும் பிரிவு சேரும்போது அர்னேஷ் குமார் பாதுகாப்பை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. முன்ஜாமீன் மனு அவசியமாகும் இடம் பெரும்பாலும் இதுதான்.

நம் உதாரண வியாபாரியின் மனுவில் என்ன இருக்க வேண்டும்? 'எனக்குக் குடும்பம் இருக்கிறது, நான் நல்லவன்' என்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் தேதி வரிசை. சரக்கு வந்த நாள், பில், இ-வே பில். பணம் போன நாள், வங்கிக் கணக்கு விவரம். தரம் குறைவு என்று எழுதிய வாட்ஸ்அப் செய்தி. வடநாட்டுப் பார்ட்டி இவரிடம் முதல் ஆர்டர் கொடுத்த நாள். புகார் தேதி. இவற்றை வரிசையாக வைத்தாலே, இரண்டு மாதம் சும்மா இருந்தவர் எந்த நாளில் கோபப்பட்டார் என்பது நீதிபதிக்குத் தெரியும். "உன்னை உள்ளே வைக்கிறேன் பார்" என்று செய்தி வந்திருந்தால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. அந்தப் போனை மாற்றாதீர்கள், செய்தியை அழிக்காதீர்கள்.

சட்ட வாதமும் இந்த வரிசையிலிருந்தே வரும். மோசடி என்றால் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு பணம் கொடுத்தவருக்கு அந்த எண்ணம் இருந்தது என்று சொல்வது கடினம். நம்பிக்கை மோசடி என்றால் பொருளை நம்பி ஒப்படைத்திருக்க வேண்டும். விற்றுவிட்ட சரக்கு வாங்கியவருடையது. 2024 ஆகஸ்டில் டெல்லி ரேஸ் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அங்கே குதிரைத் தீவனம் சப்ளை செய்தவர், பாக்கி வரவில்லை என்று குற்றப் புகார் கொடுத்திருந்தார். நம் ஏலக்காய்க்கும் அதே நியாயம் பொருந்தும்.

மனு போட்டதும் அரசுத் தரப்பு வழக்கறிஞர் காவல் நிலையத்தில் விவரம் கேட்பார். "வழக்கே பதிவாகவில்லை" என்று பதில் வந்தால் நீதிமன்றம் மனுவை முடித்துவைக்கலாம். அதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள். அந்தத் தேதியில் வழக்கு இல்லை என்பது பதிவாகிவிட்டது, பிறகு வழக்கு வந்தால் மறுபடி கேட்கலாம். இன்னொன்றை மறக்கக் கூடாது: மனு நிலுவையில் இருப்பது மட்டும் கைதைத் தடுக்காது. அவசரம் என்றால் இடைக்காலப் பாதுகாப்பையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கைது நடந்துவிட்டால் முன்ஜாமீனுக்கு இடமில்லை, வழக்கமான ஜாமீன்தான்.

உத்தரவு கிடைத்த பிறகுதான் பலர் சறுக்குகிறார்கள். நம் நீதிமன்றங்களில் பெரும்பாலும், குறிப்பிட்ட நாட்களுக்குள், வழக்கமாக 15 நாட்களுக்குள், மாஜிஸ்திரேட் முன் ஆஜராகி இரண்டு ஜாமீன்தாரர்களோடு பத்திரம் எழுதிக்கொடுக்கச் சொல்வார்கள். தினமும் காலையில் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடும் நிபந்தனையும் வரும். "முன்ஜாமீன்தான் கிடைத்துவிட்டதே" என்று அந்த நாட்களைக் கோட்டை விட்டால் உத்தரவின் பலன் போய்விடும். ஒழுங்காகச் செய்துவிட்டால், சாதாரணமாக அது வழக்கு முடியும் வரை நிற்கும் என்று 2020 ஜனவரியில் சுசீலா அகர்வால் தீர்ப்பு சொல்கிறது.

பணம் கட்டுவது பற்றியும் ஒரு வார்த்தை. பயத்தில் "முழுத் தொகையையும் கட்டிவிடுகிறேன்" என்று சிலர் தாங்களாகவே சொல்லிவிடுகிறார்கள். எதிர்த்தரப்பு எதிர்பார்த்ததும் அதுவாகவே இருக்கலாம். முன்ஜாமீன் விசாரணை கடன் வசூலிக்கும் இடம் அல்ல என்று 2023-இல் ரமேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் வக்கீலிடம் பேசாமல் அப்படி ஒரு வாக்குக் கொடுக்காதீர்கள்.

நம் பள்ளத்தாக்குக்கென்று ஒரு சிக்கல் உண்டு. கம்பத்திலிருந்து மலை ஏறினால் குமுளி, அந்தப் பக்கம் கேரளா. தோட்டம் இடுக்கியில், வீடு இங்கே என்பது நமக்குச் சாதாரணம். புகார் அங்கே பதிவானால் முன்ஜாமீனும் அங்குள்ள நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும். ஆனால் அங்கே போய்ச் சேரும் வரை, குறுகிய காலத்துக்கு இங்குள்ள நீதிமன்றமே இடைக்காலப் பாதுகாப்புத் தரலாம் என்று 2023 நவம்பரில் பிரியா இந்தோரியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உடனே அங்கே போக முடியாததற்குக் காரணம் காட்ட வேண்டும். அங்குள்ள விசாரணை அதிகாரிக்கும் அரசு வழக்கறிஞருக்கும் நோட்டீஸ் போக வேண்டும்.

எல்லா வழக்குக்கும் முன்ஜாமீன் கிடையாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 18-ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. முதல் பார்வையிலேயே குற்றம் இல்லை என்று தெரிந்தால்தான் விதிவிலக்கு. கடையில் வாய்த் தகராறு வரும்போது நாக்கை அடக்க வேண்டியது ஒழுக்கத்துக்காக மட்டும் அல்ல என்பதை நினைவில் வையுங்கள். அதேபோல், தேனியில் தள்ளுபடியான மனுவை மறைத்துவிட்டு மதுரையில் புது மனு போடாதீர்கள். மேலே போக உங்களுக்கு உரிமை உண்டு; மறைத்தது தெரிந்தால் நல்ல வழக்கும் கெட்டுப்போகும்.

லிஃப்டில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். முன்ஜாமீன் எடுக்கலாமா? சி.எஸ்.ஆரா எஃப்.ஐ.ஆரா, என்ன பிரிவு, உங்கள் தேதி வரிசை என்ன சொல்கிறது, இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வக்கீலிடம் போங்கள். பதில் அந்தத் தாளிலேயே இருக்கும். பில்லும் வங்கி விவரமும் இன்றைக்கே ஒரு கோப்பில் இருந்தால், அந்தத் தாளை எழுத அரை மணி நேரம் போதும்.