காபிக் கோப்பையில் மூன்று கணக்குகள்
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் வளாகத்தில் நடந்த சர்க்கரைப் பரிசோதனை முகாமுக்குப் பிறகு, "நான் வீட்டில் சர்க்கரை இல்லாத காபிதானே குடிக்கிறேன், அப்புறம் எப்படி?" என்று சிலர் கேட்டார்கள். பேச்சுவாக்கில் விசாரித்தபோது, வீட்டுக் காபியில் சர்க்கரையை நிறுத்தியவர்களில் பலர், பேரப்பிள்ளைகளோடு ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கும் காபிக் கடைகளுக்குப் போகும்போது லாட்டே, வெனிலா லாட்டே என்று குடிப்பது தெரிந்தது. "கொழுப்பு நீக்கிய பாலில்தான் போடச் சொல்கிறேன்" என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். பால் துறையில் பல வருஷம் வேலை பார்த்தவன் என்பதால் இதைப் பற்றி என்னைப் பேசச் சொன்னார் செயலாளர்.

இந்த மாதிரி பானங்களில் மூன்று விஷயங்கள் மாறும்: பால் வகை, கோப்பை அளவு, இனிப்பு சிரப்பின் பம்ப் எண்ணிக்கை. மூன்றும் ஒரே வேலையைச் செய்வதில்லை. பாலை மாற்றினால் கொழுப்பு மாறும். பம்பைக் குறைத்தால் சர்க்கரை குறையும். கோப்பையைப் பெரிதாக்கினால் இரண்டுமே ஏறும். கடையில் நாம் முதல் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மூன்றையும் மாற்றிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

முதலில் காப்புசினோவுக்கும் லாட்டேவுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்ப்போம். இரண்டுக்கும் அடிப்படை எஸ்பிரெசோதான். நன்றாகப் பொடித்த காபித்தூளில் வெந்நீரை அழுத்தத்தோடு செலுத்தி இறக்கும் சுமார் 30 மில்லி கெட்டிக் காபி அது. நம் டிகாஷனின் அவசரக்காரத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். காப்புசினோவில் அதன்மேல் நீராவியில் சூடாக்கிய பாலும் தடிமனான நுரையும் வரும். லாட்டேவில் பால் அதிகம், நுரை மெல்லிய படலம் மட்டும். நுரை என்பது பாதிக்கு மேல் காற்று. அதனால் ஒரே 240 மில்லி கோப்பையில் காப்புசினோ கேட்டால் உள்ளே போகும் பால் சுமார் 140 மில்லி, லாட்டே கேட்டால் சுமார் 190 மில்லி. பால் ஊற்றுபவரின் கையைப் பொறுத்து இது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். சிரப் சேர்க்காத இந்த இரண்டிலும், நீங்களே சர்க்கரை போட்டுக்கொண்டால் ஒழிய, வெளியிலிருந்து சேர்ந்த சர்க்கரை கிடையாது.

அடுத்து பால். நீல நிற ஆவின் பாக்கெட் சமன்படுத்திய பால், அதில் கொழுப்பு 3 சதவீதம். ஆரஞ்சு நிறம் நிறை கொழுப்புப் பால், 6 சதவீதம். இருமுறை சமன்படுத்திய பாலில் கொழுப்பு 1.5 சதவீதம். 100 மில்லிக்கு நீலப் பால் சுமார் 58 கலோரி, ஆரஞ்சு சுமார் 87, இருமுறை சமன்படுத்தியது சுமார் 46. கலோரியில் நல்ல வித்தியாசம்தான். ஆனால் மூன்றிலும் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை ஏறக்குறைய ஒன்றே, 100 மில்லிக்கு நாலரை, ஐந்து கிராம். கொழுப்பை எடுத்துவிட்டால் லாக்டோஸ் போய்விடாது. ஆகவே கொலஸ்டிராலுக்காகப் பாலை மாற்றுகிறவர் சரியாகச் செய்கிறார். சர்க்கரை நோய்க்காகப் பாலை மட்டும் மாற்றுகிறவருக்கு, அவர் எதிர்பார்க்கிற பலன் கிடைக்காது.

ஓட்ஸ் பாலைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். ஓட்ஸில் இருக்கும் மாவுச்சத்தை நொதி சேர்த்து உடைத்துத்தான் அந்தப் பாலைத் தயாரிக்கிறார்கள். அப்படி உடையும்போது மால்டோஸ் என்ற சர்க்கரை உருவாகும். அட்டைப்பெட்டியில் 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று போட்டிருந்தாலும், பின்பக்கச் சத்து அட்டவணையில் சர்க்கரை என்ற வரிசையைப் படித்துப் பாருங்கள். லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது உதவும். சர்க்கரைக்கு மருந்து அல்ல.

இனி பம்ப். வெனிலா, கேரமல், ஹேசல்நட் என்று கண்ணாடிப் பாட்டில்கள் வரிசையாக நிற்கும், தலையில் கை கழுவும் சோப்பு பாட்டிலில் இருப்பதுபோல ஒரு அழுத்தி. ஒரு அழுத்தில் வருவது ஏழெட்டு மில்லி, சில பம்புகளில் 10 மில்லி வரை. அதில் சர்க்கரை 5 முதல் 8 கிராம். வீட்டில் ஒரு தேக்கரண்டியைத் தலைதட்டி எடுத்தால் 4 கிராம். அதாவது ஒரு பம்ப் என்பது ஒன்றேகால் முதல் இரண்டு தேக்கரண்டி. அந்த வாசனை தனியாக வருவதில்லை, சர்க்கரையோடுதான் வருகிறது. சாக்லேட், கேரமல் 'சாஸ்' என்று கெட்டியாக ஊற்றுவது சிரப்பைவிடக் கனம், அதைத் தனியாகக் கணக்கு வைக்க வேண்டும்.

கோப்பை பெரிதானால் பம்பும் கூடும், இதை நாம் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. ஸ்டார்பக்ஸ் அளவுகள் பலருக்குத் தெரிந்தவை என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்: ஷார்ட் 237 மில்லி, டால் 354, கிராண்டே 473, சூடான வென்டி 591. அந்த நிறுவனத்தின் அமெரிக்கக் கடைகளில் இவற்றுக்கு வழக்கமான பம்ப் முறையே இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஒரு பம்புக்குச் சர்க்கரை சுமார் 5 கிராம். நம் ஊரில் கடைக்குக் கடை மாறும், ஆனால் ஏறுகிற விதம் இதேதான். 'டால்' என்றால் உயரம் என்று அர்த்தம், ஆனால் அவர்களிடம் அது சின்னதிலிருந்து இரண்டாவது. பெயரை விட்டுவிட்டு மில்லி எவ்வளவு என்று கேளுங்கள். இன்னொன்று, ஷார்ட்டிலும் டாலிலும் எஸ்பிரெசோ ஒரே அளவு. பெரிய கோப்பைக்குக் கூடுதலாகக் கொடுத்த காசுக்கு வந்தது பாலும் சிரப்பும்.

இப்போது ஒரு கணக்கு போடுவோம். பல்கலைக்கழகத்திலிருந்து வரும் பேத்தியும் தாத்தாவும் கடைக்குப் போகிறார்கள். தாத்தா 473 மில்லியில் வெனிலா லாட்டே கேட்கிறார். பால் சுமார் 350 மில்லி, நாலு பம்ப். நிறை கொழுப்புப் பால் என்றால் பாலுக்கு மட்டும் 305 கலோரி, சிரப்புக்கு 80, மொத்தம் 385. பேத்தி, "தாத்தா, கொழுப்பில்லாததா வாங்கிக்கோங்க" என்கிறாள். இருமுறை சமன்படுத்திய பாலுக்கு மாற்றினால் பால் 161 கலோரி, மொத்தம் 241. கலோரி நன்றாகவே குறைந்தது. சேர்த்த சர்க்கரை? முன்பும் 20 கிராம், இப்போதும் 20 கிராம். ஐந்து தேக்கரண்டி.

உலகச் சுகாதார நிறுவனம் 2015 வழிகாட்டுதலில், சேர்த்த சர்க்கரை ஒரு நாளின் மொத்த கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்றது. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அந்த 5 சதவீதம் 25 கிராம். தாத்தா மாலை நாலரை மணிக்கே அதில் 20 கிராமை முடித்துவிட்டார். பாலில் உள்ள லாக்டோஸ் இந்த வரம்பில் சேராது. ஆனால் குளுக்கோமீட்டர் அந்த விலக்கைக் கொடுக்காது. 350 மில்லி பாலில் 16 கிராம் லாக்டோஸ் இருக்கிறது, அதுவும் ரத்தத்துக்குத்தான் போகும்.

அதே தாத்தா 240 மில்லி காப்புசினோ கேட்டிருந்தால்? நீலப் பாலில் சுமார் 80 கலோரி, சேர்த்த சர்க்கரை இல்லை, லாக்டோஸ் ஆறேழு கிராம். வாசனை வேண்டும் என்று ஆசைப்பட்டு ஒரு பம்ப் மட்டும் போடச் சொன்னாலும் 100 கலோரி, 5 கிராம் சர்க்கரை. நம் வீட்டு டவரா செட் காபியையும் நான் விட்டுவைக்கவில்லை: 100 மில்லி நீலப் பால், இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் 90 கலோரி, 8 கிராம். ஒரு நாளைக்கு நாலு டம்ளர் குடிப்பவர் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது.

"அந்தக் கடைக் காபி கசக்கிறது, அதனால்தான் சிரப்" என்கிறார்கள். இதில் நம் பழக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. பாலை 60 முதல் 65 டிகிரி வரை நீராவியில் சூடாக்கினால் அதன் இயல்பான இனிப்பு நாக்குக்குத் தெரியும். நாம் "நல்லா சூடா, கொதிக்கக் கொதிக்க" என்கிறோம். 70 டிகிரியைத் தாண்டினால் காய்ச்சிய வாடை ஏறி, நுரையும் உடைந்துவிடும். காப்புசினோ வாங்கிய கொஞ்ச நேரத்தில் நுரை பெரிய குமிழ்களாக வெடித்து அடங்கினால், பால் அதிகம் சூடாகியிருக்கலாம். குளிர்ந்த பானத்தில் பிரச்சினை வேறு. சில்லென்று இருக்கும்போது நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும், அதனால் அதில் சிரப் கூடுதலாகப் போகும்.

அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் இருக்கும் பட்டன் இயந்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் 'காப்புசினோ' என்று எழுதியிருக்கும். பல இயந்திரங்களில் உள்ளே இருப்பது காபி, பால் பவுடர், சர்க்கரை மூன்றும் கலந்த ப்ரீமிக்ஸ். "சர்க்கரை வேண்டாம்" என்று சொல்வதில் பயனில்லை, ஏற்கெனவே கலந்தாகிவிட்டது. காபிக்கொட்டை அரைபடும் சத்தம் இல்லாமல், பட்டனை அழுத்தியதும் நுரையோடு வந்தால் சந்தேகப்படுங்கள். பாக்கெட்டில் உட்பொருள்களை அளவில் பெரியதிலிருந்து சிறியதாகத்தான் அச்சிட வேண்டும். சர்க்கரை முதலிலோ இரண்டாவதாகவோ இருந்தால் புரிந்துகொள்ளலாம்.

கடையில் தகவல் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் ஆணையத்தின் 2020 விதிமுறைப்படி, பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை உள்ள உணவகங்கள் மெனுவில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு பரிமாறலின் அளவையும் கலோரியையும் போட வேண்டும். ஆனால் மெனுவில் இருப்பது கலோரி. சர்க்கரை எவ்வளவு என்று தெரிய, "இந்த அளவுக்கு எத்தனை பம்ப்?" என்று கேட்கத்தான் வேண்டும். கேட்டுவிட்டு, "ஒன்று போதும்" என்று சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சர்க்கரை இல்லாத சிரப் இருக்கிறதா என்றும் கேட்கலாம். அதில் பெரும்பாலும் சுக்ரலோஸ்தான் இருக்கும். அதன் பின்சுவை பிடிக்காதவர்களும் உண்டு.

வீட்டிலேயே சிரப் பாட்டில் வைத்திருப்பவர்கள் சமையல் தராசில் ஒரு டம்ளரை வைத்து, பூஜ்யமாக்கி, பத்து முறை அழுத்துங்கள். 100 கிராம் வந்தால் ஒரு அழுத்து 10 கிராம். சர்க்கரைப் பாகு வகை சிரப்பில் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை, ஆகவே ஆறரை கிராம். முதல் அழுத்தில் காற்று வரும், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அளந்து முடித்ததும் டம்ளரில் இருப்பதைப் பேரன் பேத்திகள் கண்ணில் படாமல் பாட்டிலிலேயே ஊற்றிவிடுங்கள்.

உங்கள் கேள்விகளை இப்போது கேட்கலாம்.