தசையின் பிறந்த ஊரை நரம்பு சொல்லும்



தொண்டை வளைவுகளுக்கு ஓர் அட்டவணை எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். தேர்வு முடிந்ததும் மாணவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். அட்டவணைக்கு முன் ஒரே ஒரு தசையைக் காட்டிப் பாருங்கள் என்பதுதான் இந்தக் கருத்தரங்கில் என் முதல் வேண்டுகோள்.

தாடைக்கு அடியில் இருக்கும் டைகாஸ்ட்ரிக் தசை அது. நடுவில் ஒரு தசைநாண், இருபுறமும் இரண்டு வயிறுகள். முன்வயிற்றுக்கு ஐந்தாம் கபால நரம்பின் கிளை வருகிறது. பின்வயிற்றுக்கு ஏழாம் நரம்பு. ஒரே தசைக்கு ஏன் இரண்டு நரம்புகள்? கருவின் நான்காம் வாரத்தில் தொண்டையின் இருமருங்கிலும் வளைவுகள் எழும்போதே ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய நரம்பு வந்து சேர்ந்துவிடுகிறது. பிறகு தசை எங்கே குடிபெயர்ந்தாலும் அந்த நரம்பையும் உடன் இழுத்துச் செல்கிறது. முன்வயிறு முதல் வளைவில் பிறந்தது. பின்வயிறு இரண்டாம் வளைவில் பிறந்தது.

இதே கேள்வியை நடுச்செவியிலும் கேட்கலாம். சுத்தி எலும்பை இழுக்கும் தசைக்கு ஐந்தாம் நரம்பு. அங்கவடி எலும்பை இழுக்கும் தசைக்கு ஏழாம் நரம்பு. எலும்புகளும் அப்படியே பிரிகின்றன. சுத்தியும் பட்டடையும் முதல் வளைவின் குருத்தெலும்பிலிருந்தும், அங்கவடி இரண்டாம் வளைவிலிருந்தும் உருவாகின்றன. 1837-இல் ரைக்கர்ட் கருக்களை ஆராய்ந்து சொன்னது இதைத்தான். ஆனால் விதியை எல்லை மீறி நீட்டக்கூடாது: அங்கவடியின் அடித்தட்டில் ஒரு பகுதி உட்செவியின் உறையிலிருந்து வருகிறது.

இனி நோயாளியின் படுக்கைக்கு வருவோம். காலையில் எழுந்தவருக்கு ஒருபக்க வாய் கோணியிருக்கிறது, கண் மூடவில்லை. அதே பக்கக் காதில் பாத்திரம் விழும் ஓசைகூட வலிக்கிறது. ஆனால் சோற்றை நன்றாக மெல்கிறார். கன்னத்தில் பஞ்சு பட்டால் உணர்கிறார். முகபாவத் தசைகளும் அங்கவடித் தசையும் இரண்டாம் வளைவின் பிள்ளைகள். அவை சேர்ந்தே முடங்கின. மெல்லும் தசைகள் முதல் வளைவுக்குரியவை. முகத்தோலின் உணர்வும் ஐந்தாம் நரம்பின் பொறுப்பு. அதனால் இரண்டும் தப்பின. பழுதின் இடத்தையும் ஊகிக்கலாம். அங்கவடித் தசைக்கான கிளை, கபால எலும்புக்குள் இருக்கும்போதே ஏழாம் நரம்பிலிருந்து பிரிந்துவிடுகிறது. ஆகவே பரோட்டிட் சுரப்பிக்குள் நரம்பு அறுபட்டால் முகம் கோணும், காது மட்டும் வலிக்காது.

இங்கே வாசிக்கப்படும் ஒவ்வொரு கட்டுரையிலும் நான் எதிர்பார்ப்பது ஒரே கேள்வி: இந்தத் தசைக்கு நரம்பு எங்கிருந்து வருகிறது? அதைக் கேட்டுப் பழகிய மாணவர் அட்டவணையைத் தாமே எழுதிவிடுவார். அந்தக் கேள்வியோடு இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.