ருஷ்ய மொழியில் அபாய அறிவிப்பு

ருஷ்ய நாட்டில் உயர் அழுத்த மின்கம்பியைத் தாங்கி நிற்கும் கம்பங்களிலே ஒரு பலகையைக் காணலாம். அதில் உள்ள சொற்கள் மூன்றே: ‘நே விலெஸாய்! உபியோத்!’ ‘ஏறாதே! கொன்றுவிடும்!’ என்பது பொருள். அதே மின்துறையைச் சேர்ந்த நிலையத்தினுள் சென்றால், நிறுத்தி வைக்கப்பட்ட ஒரு சுவிட்சின் கைப்பிடியிலே வேறொரு பலகை தொங்கும். ‘நே விக்லியுசாத்! ரபோத்தாயுத் லியூதி’ என்று அதில் எழுதியிருக்கும். ‘மின்சாரம் செலுத்தலாகாது! ஆட்கள் வேலை செய்கிறார்கள்’ என்பது அதன் கருத்து.

இரண்டும் தடைகளே, இரண்டையும் மீறினால் விளைவது மரணமே. ஆயினும் இலக்கணம் வேறு. முதற் பலகை ஏவல் வினையால் பேசுகிறது. இரண்டாவது, வினையின் பெயரளவான வடிவத்தை, அதாவது ‘செலுத்துதல்’ என்றோ ‘செலுத்த’ என்றோ நாம் சொல்லக்கூடிய முடிபற்ற வடிவத்தை, தனியே நிறுத்திக் கட்டளையாக்குகிறது. ஒரே நாட்டில், ஒரே துறையில், ஒரே வகையான ஆபத்துக்கு இரண்டு வடிவங்கள் ஏன் அமைந்தன? இதனை அறியாமல் தொழிற்சாலை அறிவிப்புகளை ருஷ்ய மொழியில் பெயர்க்கப் புகுபவர் இடறி விழுவது திண்ணம். பல ஆண்டுகள் இலக்கணம் கற்பித்து ஓய்வு பெற்றபின் ருஷ்ய மொழியைப் பயின்று, பிறர் செய்த இத்தகைய மொழிபெயர்ப்புகளைப் பார்வையிட்டு வரும் எனக்கு, இந்த ஒரு கேள்வியே முதன்மையாகத் தோன்றுகிறது.

இடர்ப்பாடு ஆங்கிலத்திலிருந்தே தொடங்குகிறது. இயந்திரங்களோடு வரும் அறிவிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளவை. அம்மொழியில் ‘திற’ என்னும் ஏவலுக்கும் ‘திறக்க’ என்னும் எச்சத்துக்கும் வடிவ வேறுபாடு இல்லை. ஒரே சொல் இரண்டுக்கும் உதவும். கேட்பவன் ஒருவனா, பலரா, மரியாதைக்கு உரியவனா என்பதையும் அது காட்டாது. ருஷ்ய மொழியிலோ ஏவல் என்றால் உடனே தெரிவு வந்துவிடுகிறது. நண்பனையும் குழந்தையையும் விளிக்கும் ஒருமை ஏவல் ஒன்று. பலரையோ மதிப்புக்குரிய ஒருவரையோ விளிக்கும் பன்மை ஏவல் மற்றொன்று. நம் மொழியில் ‘ஏறாதே’, ‘ஏறாதீர்கள்’ என்று இருப்பது போன்றதே இது. ஆங்கில மூலம் சொல்லாத ஒன்றை மொழிபெயர்ப்பாளர் தாமே முடிவு செய்தாக வேண்டும்.

சுருக்கம் கருதி ஒருமை ஏவலைக் கொள்ளலாமே என்பர் சிலர். எழுத்தெண்ணிப் பார்ப்போம். ‘ஏறு’ என்னும் ஒருமை ஏவலுக்கு ருஷ்ய எழுத்தில் 6 எழுத்து. அதன் முடிபற்ற வடிவத்துக்கு 7. ‘செலுத்து’ என்பதன் முடிபற்ற வடிவத்துக்கு 8; பன்மை ஏவலுக்கு 9. வேறுபாடு ஓரெழுத்தே. ஆகவே பலகையின் அகலம் இதனை முடிவு செய்வதில்லை. யாரை நோக்கிப் பேசுகிறோம் என்பதே முடிவு செய்கிறது.

மின்கம்பம் வெட்டவெளியில் நிற்பது. அதனருகே வருபவன் பயிற்சி பெற்ற பணியாளன் அல்லன். வழிப்போக்கனாகவோ, விளையாட்டுச் சிறுவனாகவோ இருக்கலாம். காலைத் தூக்கி வைக்கும் அந்த ஒருவனை, அந்தக் கணத்தில் நிறுத்த வேண்டும். அங்கே பலகை சட்டம் பேசவில்லை, கூவுகிறது. கூவுபவன் ‘தாங்கள்’ என்று மரியாதை தேடமாட்டான் அன்றோ? ஒருமை ஏவல் அங்கே இழிவாகத் தோன்றுவதில்லை. தீயினருகே செல்லும் பிள்ளையைத் தடுக்கும் தாயின் குரலாக ஒலிக்கிறது. அடுத்து வரும் ‘கொன்றுவிடும்’ என்பதற்கு எழுவாய் இல்லை. மின்சாரம் என்றோ, கம்பி என்றோ பெயர் சொல்லாமலே விளைவு மட்டும் நிற்கிறது.

சுவிட்சில் தொங்கும் பலகையின் நிலை வேறு. அதைப் படிப்பவர் பணியாளர். காலை முறைக்கு வந்தவர் ஒருவர், மாலை முறைக்கு வருபவர் மற்றொருவர். தொலைவில் கம்பியின்மீது கை வைத்திருப்பவர்களைப் படிப்பவர் பார்க்கக்கூட முடியாது. ‘நீ செய்யாதே’ என்றால், தலைமைப் பொறியாளர் ‘இது எனக்கன்று’ என்று எண்ணக்கூடும். ‘தயைகூர்ந்து செலுத்தாதீர்கள்’ என்னும் தொனியில் பன்மை ஏவல் அமைந்தால், வேண்டுகோளாகிவிடும். வேண்டுகோளை மறுக்கவும் இடம் உண்டு. முடிபற்ற வடிவத்திலோ முன்னிலையே இல்லை. ஆகவே விலக்குப் பெறுபவரும் இல்லை. அது எவர்க்கும், எப்போதும், பலகை தொங்கும் வரையில் பொருந்தும் விதியாக நிற்கிறது.

தமிழறிந்த நேயர்களுக்கு இங்கே வியங்கோள் நினைவுக்கு வரும். ‘திறவற்க’ என்றால் அது தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடத்துக்கும் பொதுவாய் நிற்கும். ருஷ்யரின் முடிபற்ற கட்டளை அதனை ஒத்தது. ஆனால் வியங்கோளில் உள்ள பழமையின் மணம் அதில் இல்லை. அது அன்றாடத் தொழிற்கூடத்தின் கண்டிப்பான குரல்.

இதே தொகுதியில் மூன்றாவது பலகை ஒன்றும் உண்டு. பணியாளர் ஏறுவதற்குரிய ஏணியில் ‘விலெஸாத் ஸ்தேஸ்’, அதாவது ‘இங்கே ஏறுக’ என்று எழுதித் தொங்கவிடுவர். கம்பத்தில் ஏவலாக இருந்த அதே வினை, இங்கே முடிபற்ற வடிவம் பெற்றுவிட்டது. வினை ஒன்றே, படிப்பவர் மாறியதால் இலக்கணம் மாறியது. நான் சொல்லும் கொள்கைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனி ஓர் உதாரணத்தை முழுவதும் செய்து பார்ப்போம். தகடு வெட்டும் பிரஸ் யந்திரம் ஒன்று ருஷ்யத் தொழிற்சாலைக்குச் செல்வதாகக் கொள்வோம். அதிலே மூன்று அறிவிப்புகள். ஒன்று: ஓடும்போது காப்பு மூடியைத் திறவாதே. இரண்டு: பழுதுபார்க்குமுன் மின் இணைப்பைத் துண்டி. மூன்று: பாதுகாப்புக் கண்ணாடி அணி.

மூன்றையும் படிப்பவர் பணியாளரே. எனவே முடிபற்ற வடிவமே தக்கது. ஆனால் பெயர்ப்பாளரின் வேலை அத்துடன் முடியவில்லை. ருஷ்ய வினை ஒவ்வொன்றும் பெரும்பாலும் இரட்டையாக வரும். செயலை நடப்பாகவோ வழக்கமாகவோ காட்டுவது ஒன்று. முற்றுப்பெற்ற ஒரே செயலாகக் காட்டுவது மற்றொன்று. திறத்தலுக்கு ‘அத்கிரிவாத்’ என்பது நடப்பு வடிவம். ‘அத்கிரீத்’ என்பது முற்று வடிவம்.

முதல் அறிவிப்புக்கு ‘நே அத்கிரிவாத்’ என்றால் ‘திறக்கலாகாது’ என்னும் தடை. அகராதியைப் புரட்டி முதலில் கண்ட ‘அத்கிரீத்’ என்பதை எடுத்து ‘நே அத்கிரீத்’ என்று எழுதினாலோ, ‘திறக்க முடியாது’ என்று பொருள் பட்டுவிடும். தடை மறைந்து, மூடி இறுகிக் கிடக்கிறது என்னும் செய்தி நிற்கும். அதனைப் படித்த தொழிலாளி என்ன செய்வான்? கடப்பாரையை எடுத்து வந்து நெம்பத் தொடங்கினாலும் வியப்பில்லை. உள்ளே சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்! ஆகவே முடிபற்ற வடிவத்தில் தடை சொல்லும்போது நடப்பு வடிவத்தையே கொள்ள வேண்டும் என்பது பிழையாகாத விதி.

இரண்டாவது அறிவிப்பில் நிலைமை நேர்மாறானது. துண்டித்தல் அரைகுறையாக நிற்கக்கூடாது. முழுவதும் முடிந்த பிறகே கை உள்ளே செல்ல வேண்டும். ருஷ்ய நாட்டின் தர விதிகளில் இதற்குரிய வாசகம் ‘வேலைக்கு முன் துண்டிக்க’ என்று முற்று வடிவத்திலேயே அமைந்திருக்கிறது. செயல் ஒருமுறை நிகழ்ந்து நிறைவேற வேண்டும் என்பதை அவ்வடிவம் தானே சொல்லிவிடுகிறது.

மூன்றாவதிலே ஒரு நுட்பம் இருக்கிறது. ‘கண்ணாடி அணி’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், மாட்டிக்கொண்ட கணத்தில் கட்டளை நிறைவேறிவிட்டது என்று ஆகும். சற்று நேரத்தில் கழற்றி நெற்றிமேல் தள்ளிக்கொண்டாலும் மீறியதாகாது. ருஷ்யத் தர விதியின் வாசகமோ ‘பாதுகாப்புக் கண்ணாடியுடன் வேலை செய்க’ என்பது. வினை அணிதலைக் குறிக்கவில்லை. வேலை செய்தலைக் குறிக்கிறது. அதுவும் நடப்பு வடிவில் இருப்பதால், வேலை நடக்கும் நேரம் முழுவதும் கட்டளை உயிருடன் இருக்கிறது.

இந்த விதிக்கும் எல்லை உண்டு. மனம் வைத்துச் செய்யும் செயலைத்தான் தடுக்க முடியும். எண்ணெய் சிந்திய தரையில் ‘வழுக்கி விழலாகாது’ என்று எழுதினால் நகைப்புக்கு இடமாகும். எவரும் வேண்டுமென்று விழுவதில்லை. அத்தகைய தற்செயலைப் பற்றிப் பேசும்போது ருஷ்யர் முற்று வடிவத்தின் ஏவலைக் கொண்டு, ‘பார், விழுந்துவிடாதே’ என்பர். அது தடையன்று, எச்சரிக்கை. பலகையிலோ அந்த வினையையும் விட்டுவிட்டு, ‘எச்சரிக்கை, வழுக்கும்’ என்று மட்டும் மஞ்சள் முக்கோணத்தின் கீழ் எழுதுவர். இங்கே ஏவலும் வேண்டாம், முடிபற்ற வடிவமும் வேண்டாம். ஆபத்தின் பெயரே போதும்.

பெயர்ப்பு முடிந்தபின் அதனைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. பலகையை ருஷ்ய மொழி பேசும் ஒரு தொழிலாளியிடம் காட்டி, ‘இதன் பொருள் என்ன?’ என்று கேட்கலாகாது; ‘இதைக் கண்டால் நீர் என்ன செய்வீர்?’ என்று கேட்க வேண்டும். ‘கையை எடுத்துவிடுவேன்’ என்று சொன்னால் பலகை தன் கடமையைச் செய்தது. ‘ஓ, மூடி சிக்கிக்கொண்டதா?’ என்று கேட்டால் வினையின் வடிவம் தவறிற்று. ‘இது யாருக்கு எழுதியது?’ என்று கேட்டால், ஏவல் நிற்க வேண்டாத இடத்தில் நிற்கிறது.

நல்ல வாசகம் கிடைத்துவிட்டால் மட்டும் மின்சாரம் நின்றுவிடாது. சுவிட்சைத் திறந்து, பூட்டி, கம்பியில் மின்சாரம் இல்லை எனச் சோதித்து, நிலத்தோடு இணைத்த பிறகே ஆட்கள் கை வைக்க வேண்டும். பலகை இவற்றுக்கு மாற்றன்று. ஆனால் பூட்டின் சாவியைக் கையில் வைத்திருப்பவனும் ஒரு மனிதன். முறை மாறும் நேரத்தில், அவசரத்தில், அவன் கண் படுவது அந்த இரண்டு சொற்களின் மீதே. தொலைவில் கம்பியைப் பற்றியிருப்பவன் அவனுக்குத் தெரியான். அவனுக்காகப் பேசுவது அந்த வினைச்சொல் ஒன்றே. அதன் ஈற்றெழுத்தைத் தெரிந்து எழுதுவது மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு.