கனவில் கண்ட எண்



கொல்லிமலைக்கு ஏறும் பாதை காரவள்ளியில் தொடங்குகிறது. மேலே செல்ல 70 கொண்டை ஊசி வளைவுகள்; ஒவ்வொரு வளைவிலும் அதன் எண் எழுதப்பட்டிருக்கும். அவ்வூர்ப் பக்கத்தில் நான் ஆசிரியனாக இருந்தபோது, மரவள்ளி பயிரிடும் முதியவர் ஒருவர் விடியற்காலையில் என்னைத் தேடி வந்தார்.

"வாத்தியாரய்யா, கனாவிலே 70 தெரிஞ்சுது. அதிலே முடியற சீட்டு எங்கே கிடைக்கும்?" என்று கேட்டார்.

தமிழக அரசு 1968-இல் தொடங்கிய பரிசுச் சீட்டு விற்பனை, இடையில் நின்று, மீண்டும் நடந்துவந்த நாள் அது. 2003-இல் சீட்டு விற்பனையே தடை செய்யப்பட்டது. பெரியவர் முன்பொருமுறை கனவில் 7 கண்டு, கடைசி எண்ணுக்குரிய சிறு பரிசைப் பெற்றிருந்தார். அன்று முதல் கிழங்கு விற்ற பணமெல்லாம் சீட்டாக மாறியது. நாள்தோறும் அவ்வழியே நடப்பவருக்குக் கனவில் 70 தோன்றியதில் வியப்பில்லை. ஆனால், முன்பு 7 பலித்ததே, அது எப்படி?

இதை வகுப்பில் சோதித்தோம். 0 முதல் 9 வரை எழுதிய பத்துத் துண்டுகளை ஒரு பானையில் இட்டோம். நாற்பது மாணவரும், கனவில் கண்ட எண்ணையோ மனத்தில் தோன்றிய எண்ணையோ முன்னரே தாளில் எழுதிக்கொண்டனர். பிறகு ஒவ்வொருவரும் ஒரு துண்டை எடுத்துப் பார்த்து, மீண்டும் பானையிலேயே போட்டனர்.

ஒருவருக்குப் பலிக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்று. ஆகவே நாற்பது பேரில் சராசரியாக நால்வருக்குப் பலிக்கும். ஒருவருக்குக்கூடப் பலிக்காமற்போவது, இச்சோதனையை நூறு முறை செய்தால் ஒன்றிரண்டு முறையே நிகழும். மறுநாளும் செய்தால், குறிப்பிட்ட ஒரு மாணவனுக்கு இரு நாளும் பலிக்கும் வாய்ப்பு நூறில் ஒன்றுதான். ஆயினும் வகுப்பில் எவனேனும் ஒருவனுக்கு அவ்வாறு பலிக்கும் வாய்ப்போ ஏறத்தாழ மூன்றில் ஒன்று! அவனை ஊரார் "கனவு பலிக்கும் பிள்ளை" என்பார்கள். பானைக்கோ அவன் கனவு தெரியாது.

பலித்தவன் ஊரெல்லாம் சொல்கிறான். பலிக்காதவன் காலையிலேயே கனவை மறந்துவிடுகிறான். நம் காதுக்கு எட்டுவது பலித்த கதை மட்டுமே. கனவுக்கு ஆற்றல் உண்டா என அறிய ஒரே வழி, கண்ட எண்ணைக் குலுக்கலுக்கு முன்பே எழுதிவைத்து, தவறியவற்றையும் விடாமல் எண்ணுவதே. பத்தில் ஒன்றைவிட மிகுதியாக, நெடுநாள் தொடர்ந்து பலித்தால்தான் அது ஆராயத்தக்கது.

பெரியவருக்கு ஒரு பழைய நோட்டுப் புத்தகம் கொடுத்தேன். அவர் பேரன் எழுதிவந்தான். அறுவடைக் காலத்தில் இருவரும் கூட்டிப் பார்த்தனர். பலித்தவை ஒரு பக்கத்தில் இரண்டு வரி. தவறியவை நான்கு பக்கம். பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இத்தனை கனாவா கண்டேன்?" என்று மட்டும் கேட்டார். அவ்வாண்டு கிழங்குப் பணம் வீடு வந்து சேர்ந்தது.